ஏப்ரல் 1-ல் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா? மாதாந்தர ஷீட்டில் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு நெடுவரிசை

ஒரு தையற்கடையை எடுத்துக்கொள்வோம். நான்கு மிஷின், மூன்று பணியாளர்கள். பிளவுஸ், சுடிதார், கல்யாண சீசனில் ஆரி வொர்க். கடையை நடத்தும் அக்கா, தினமும் பில் புத்தகத்தில் எழுதிவைத்து, மாதக் கடைசியில் மொத்தத்தை மட்டும் போனில் இருக்கும் கூகுள் ஷீட்டில் ஏற்றிவிடுகிறார். மாதம் ஒரு வரிசை. பக்கத்தில் ‘இதுவரை மொத்தம்’ என்று ஒரு நெடுவரிசை. கணக்கு அவ்வளவுதான்.

இந்த ‘இதுவரை மொத்தம்’ என்பது எப்போதிலிருந்து இதுவரை? கடை ஆரம்பித்த நாளிலிருந்தா, ஜனவரியிலிருந்தா, ஏப்ரலிலிருந்தா? ஷீட்டைப் பார்த்தால் தெரியாது. ஆனால், அதற்கான பதில் தவறாக இருந்தால், கடைக்குப் பணம் போகும்.

காரணம், ஜி.எஸ்.டி. தையல் போன்ற சேவைத் தொழிலில், ஒரு நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். (மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு இந்த வரம்பு பொதுவாக 40 லட்சம்.) இதில் கவனிக்க வேண்டிய சொல், நிதியாண்டு. அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வரம்பு தாண்டிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாண்டியது தெரியாமலே கடை ஓடிக்கொண்டிருந்தால், வாடிக்கையாளரிடம் வாங்காத வரியை வட்டி, அபராதத்தோடு சொந்தக் கையிலிருந்து கட்ட நேரிடும்.

ஆக, அக்காவின் ஷீட் சொல்ல வேண்டியது ஒரே விஷயம்தான். இந்த ஏப்ரலிலிருந்து இன்றுவரை எவ்வளவு? அதைச் சரியாகச் சொல்லவைப்பது எப்படி என்று பார்ப்போம். கூகுள் ஷீட், எக்செல் இரண்டிலும் இதே ஃபார்முலாக்கள் வேலை செய்யும்.

நிற்காமல் ஓடும் மொத்தம்

ஷீட்டின் அமைப்பு இப்படி இருக்கட்டும். A-யில் மாதம். B-யில் அந்த மாதத்தின் பில் தொகை. C-யை இப்போதைக்குக் காலியாக விடுவோம். D-யில் ‘இதுவரை மொத்தம்’. முதல் வரிசையில் தலைப்புகள். இரண்டாவது வரிசையில் 2024 ஏப்ரல். அங்கிருந்து கீழே ஒவ்வொரு மாதமாக வருகிறது.

பெரும்பாலானவர்கள் D2-வில் முதலில் எழுதுவது இதைத்தான்.

```
=SUM($B$2:B2)
```

இதைக் கீழே இழுத்தால், ஒவ்வொரு வரிசையிலும் மேலிருந்து அந்த வரிசைவரை கூட்டிக் காட்டும். முதல் ஆண்டு முழுக்க இது சரியான விடையைத்தான் தரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நம் தையற்கடையில் 2024 ஏப்ரலில் 1,40,000 ரூபாய்க்கு வேலை. தீபாவளி வந்த அக்டோபரில் 2,10,000. பொங்கல் மாதமான ஜனவரியில் 1,95,000. இப்படியே போய் 2025 மார்ச் முடிவில் D கட்டத்தில் 19,50,000 நிற்கிறது. வரம்புக்கு 50,000 ரூபாய் கீழே ஆண்டு முடிந்துவிட்டது.

அடுத்த மாதம், 2025 ஏப்ரல். பில் தொகை 1,60,000. ஷீட் இப்போது காட்டுவது 21,10,000. அக்கா பதறிப்போய் ஆடிட்டருக்கு போன் செய்வார். அவரோ, “புது வருஷம் பொறந்துருச்சும்மா, உங்க கணக்கு இப்ப 1,60,000-தான்” என்பார். இங்கே தவறு பயமுறுத்தியதோடு போய்விட்டது. பெரிய நஷ்டம் இல்லை. ஆனால், இந்தப் பயத்துக்குப் பிறகு செய்யும் ‘திருத்தம்’தான் ஆபத்தானது.

ஜனவரியில் பூஜ்யமானால்..?

‘வருஷா வருஷம் புதுசா ஆரம்பிக்கணும், அவ்வளவுதானே’ என்று தெரிந்த பையன் யாராவது உதவிக்கு வருவார். அவர் ஃபார்முலாவில் `YEAR` என்ற ஃபங்ஷனைச் சேர்ப்பார். தேதியிலிருந்து ஆண்டை மட்டும் எடுத்துத் தரும் ஃபங்ஷன் அது. 2025 என்று இருக்கும் வரிசைகளை மட்டும் கூட்டு என்று சொல்லிவிடுவார். மொத்தம் ஆண்டுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், அது திரும்புவது ஜனவரியில்.

இதனால் என்ன ஆகும் என்பதை அடுத்த ஆண்டில் வைத்துப் பார்க்கலாம். 2025 ஏப்ரல் முதல் டிசம்பர்வரை கடையின் பில் தொகை 17,30,000 என்று வைத்துக்கொள்வோம். 2026 ஜனவரியில் பொங்கல் வேலை 2,20,000. பிப்ரவரியில் 1,85,000. நிதியாண்டுக் கணக்கின்படி ஜனவரி முடிவில் 19,50,000. பிப்ரவரி முடிவில் 21,35,000. பிப்ரவரியில் வரம்பு தாண்டிவிட்டது.

ஜனவரியில் பூஜ்யமாகும் ஷீட்டோ பிப்ரவரி முடிவில் காட்டுவது வெறும் 4,05,000. ‘இன்னும் 16 லட்சம் பாக்கி இருக்கே’ என்று அக்கா நிம்மதியாக இருப்பார். 30 நாள் கெடு அவருக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

நிற்காமல் ஓடும் மொத்தம் பொய்யாகப் பயம் காட்டும். ஜனவரியில் நிற்கும் மொத்தம் பொய்யாகத் தைரியம் கொடுக்கும். இரண்டாவதுதான் மோசம்.

‘ஏப்ரல் வந்தால் புதிதாகத் தொடங்கு’

அடுத்ததாக எல்லோருக்கும் தோன்றும் வழி, ஏப்ரல் மாதத்தைக் கண்டதும் கூட்டலை நிறுத்திப் புதிதாகத் தொடங்கச் சொல்வது. D2-வில் B2-வின் தொகையை அப்படியே வைத்துவிட்டு, D3-ல் இப்படி எழுதுவார்கள்.

```
=IF(MONTH(A3)=4,B3,D2+B3)
```

இந்த வரிசையின் மாதம் 4 என்றால் இந்த மாதத் தொகையை மட்டும் காட்டு, இல்லையென்றால் மேலே உள்ள மொத்தத்தோடு இதைச் சேர்த்துக் காட்டு என்று இதற்குப் பொருள். படித்ததும் புரிகிறது. மாதத்துக்கு ஒரு வரிசை, வரிசை தவறாத மாதங்கள், நடுவில் எதுவும் விடுபடாத ஷீட் என்றால் விடையும் சரியாகவே வரும்.

ஆனால், நிஜக் கடையின் ஷீட் அப்படி இருக்காது. மகள் கல்யாணத்துக்காக ஏப்ரல் முழுக்கக் கடையை மூடியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்துக்கு அவர் வரிசையே போடவில்லை. மார்ச்சுக்கு அடுத்து நேராக மே. ஃபார்முலா ஏப்ரலைக் காணவே இல்லை. அதனால், பழைய ஆண்டின் 19,50,000-தோடு மே மாதத் தொகையையும் சேர்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொரு நிலைமை இதற்கு நேர்மாறு. ஏப்ரலில் கல்யாண ஆர்டர் ஒன்று பெரிதாக வந்ததால், வழக்கமான வேலை 1,10,000 என்று ஒரு வரிசை, கல்யாண ஆர்டர் 50,000 என்று இன்னொரு வரிசை என அக்கா பிரித்து எழுதுகிறார். இரண்டுமே ஏப்ரல். ஃபார்முலா இரண்டு முறை புதிதாகத் தொடங்கும். இரண்டாவது வரிசையில் மொத்தம் 50,000 என்று காட்டும். 1,10,000 கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது. இது ஆண்டு முழுக்கத் தொடரும்.

இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த ஃபார்முலா ‘மேலே உள்ள கட்டத்தை’ நம்பி இருக்கிறது. அந்த வரிசை எந்த நிதியாண்டைச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரியவைத்துவிட்டால் போதும்.

C நெடுவரிசை: ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் நிதியாண்டு

காலியாக விட்டிருந்த C-க்கு இப்போது வேலை வருகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில், அது எந்த நிதியாண்டு என்பதை எழுதிவைக்கப் போகிறோம். கையால் அல்ல, ஃபார்முலாவால்.

விதி எளிது. ஏப்ரல் முதல் டிசம்பர்வரை என்றால், தேதியில் இருக்கும் அதே ஆண்டு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றால் அதற்கு முந்தைய ஆண்டு. 2025 பிப்ரவரி, 2024 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டைச் சேர்ந்தது அல்லவா? அதனால் அதற்கு 2024 என்று பெயர். C2-வில் இதை எழுதிக் கீழே இழுக்க வேண்டும்.

```
=IF(A2="","",YEAR(A2)-(MONTH(A2)<4))
```

`MONTH(A2)<4` என்பது ஒரு கேள்வி. மாதம் 4-ஐ விடச் சிறியதா? ஆம் என்றால் ஷீட் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் 0. ஆகவே ஜனவரி முதல் மார்ச்வரை ஆண்டிலிருந்து ஒன்று கழியும். மற்ற மாதங்களில் எதுவும் கழியாது.

முன்னால் உள்ள `IF(A2="","",` எதற்கு என்றால், தேதி எழுதாத வரிசைகளை விட்டுவிடுவதற்கு. அது இல்லாமல் ஃபார்முலாவைக் கீழ்வரை இழுத்தால், காலி வரிசைகளில் எல்லாம் 1899 என்று விநோதமான ஓர் ஆண்டு வந்து நிற்கும். தேதி இல்லாத கட்டத்தை ஷீட் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதால் வரும் எண் அது. எங்காவது 1899-ஐப் பார்த்தால், அங்கே தேதி விடுபட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நிதியாண்டு வேறு மாதத்தில் தொடங்கும் நாட்டில் கணக்கு எழுதுபவர்கள், 4 என்ற எண்ணை மட்டும் மாற்றினால் போதும். உதாரணமாக, ஆஸ்திரேலியாவில் ஜூலையில் தொடங்குகிறது. அங்கே 4-க்குப் பதில் 7.

D நெடுவரிசை: இந்த ஆண்டை மட்டும், இந்தத் தேதிவரை மட்டும்

இனி D2-வில் இருப்பதை அழித்துவிட்டு இதை எழுதிக் கீழே இழுக்க வேண்டும்.

```
=IF(B2="","",SUMIFS(B:B,C:C,C2,A:A,"<="&A2))
```

`SUMIFS` என்பது நிபந்தனை வைத்துக் கூட்டும் ஃபங்ஷன். இங்கே அதற்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, `C:C,C2`. இந்த வரிசையின் நிதியாண்டும் அந்த வரிசையின் நிதியாண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, `A:A,"<="&A2`. அந்த வரிசையின் தேதி, இந்த வரிசையின் தேதியோ அதற்கு முந்தையதோ ஆக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மட்டுமே B-யில் உள்ள தொகை கூட்டலில் சேரும்.

முதல் நிபந்தனை ஏப்ரலில் மொத்தத்தைப் புதிதாகத் தொடங்கவைக்கிறது. இரண்டாவது நிபந்தனை அதை மாதா மாதம் ஏறவைக்கிறது. இரண்டில் எது குறைந்தாலும் விடை வேறாகிவிடும். தேதி நிபந்தனையை விட்டுவிட்டால், ஓர் ஆண்டின் எல்லா வரிசைகளிலும் ஒரே எண், அதாவது ஆண்டின் முழு மொத்தம் வந்து நிற்கும்.

நம் கடையின் ஷீட்டில், ஆண்டு மாறும் இடம் இப்போது இப்படி இருக்கும்.

| மாதம் | பில் தொகை | நிதியாண்டு | இதுவரை மொத்தம் |
|---|---|---|---|
| பிப்ரவரி 2025 | 1,70,000 | 2024 | 17,75,000 |
| மார்ச் 2025 | 1,75,000 | 2024 | 19,50,000 |
| ஏப்ரல் 2025 | 1,60,000 | 2025 | 1,60,000 |
| மே 2025 | 1,70,000 | 2025 | 3,30,000 |

ஏப்ரல் வரிசை இல்லாவிட்டாலும் கவலை இல்லை. மே மாதத்தின் நிதியாண்டு 2025 என்று C சொல்லிவிடுவதால், அங்கேயே புதுக் கணக்கு தொடங்கிவிடும். ஏப்ரலுக்கு இரண்டு வரிசைகள் இருந்தாலும் இரண்டும் சேரும். ஒரே தேதி போட்டிருந்தால், இரண்டு வரிசையிலுமே 1,60,000 என்று காட்டும். மறந்துபோன ஒரு மாதத்தைப் பிறகு கடைசியில் சேர்த்தாலும் விடை மாறாது. ஏனென்றால், இது மேலே உள்ள கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஆண்டையும் தேதியையும் மட்டுமே பார்க்கிறது.

ஃபார்முலா சரி… ஆனாலும் ஜனவரியில் பூஜ்யமாகிறதே!

எல்லாவற்றையும் அப்படியே எழுதிய பிறகும், சிலருடைய ஷீட்டில் மொத்தம் ஜனவரியில் புதிதாகத் தொடங்கும். ஃபார்முலாவைப் பத்து முறை சரிபார்த்தாலும் தவறு கண்ணில் படாது. தவறு இருப்பது தேதியில்.

நாம் 01/04/2025 என்று எழுதினால் அது ஏப்ரல் 1. ஆனால், ஷீட்டின் நாடு அமெரிக்கா என்று அமைக்கப்பட்டிருந்தால், அது மாதத்தை முதலில் படிக்கும். அதற்கு 01/04/2025 என்பது ஜனவரி 4. அடுத்த மாதம் நீங்கள் எழுதும் 01/05/2025, ஜனவரி 5. டிசம்பருக்கு எழுதும் 01/12/2025, ஜனவரி 12. ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் ஜனவரியின் முதல் பன்னிரண்டு நாள்களாக மாறிவிடும்!

எல்லாமே ஜனவரி என்பதால், C-யில் எல்லா வரிசைக்கும் ஆண்டில் ஒன்று கழியும். 2024 ஏப்ரல் முதல் டிசம்பர்வரை 2023 என்று வரும். 2025 ஜனவரியிலிருந்து 2024 என்று மாறும். அதாவது, நாம் பயந்த அதே ஜனவரிப் பூஜ்யம். எந்தக் கட்டத்திலும் பிழை என்று சிவப்பாகவோ எச்சரிக்கையாகவோ எதுவும் வராது. அதுதான் இதில் சிக்கல்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் இதை எழுதிப் பாருங்கள்.

```
=TEXT(A2,"d mmm yyyy")
```

A2-வில் நீங்கள் எழுதியது ஏப்ரல் 1 என்றால், `1 Apr 2024` என்று வர வேண்டும். `4 Jan 2024` என்று வந்தால் நாட்டு அமைப்பு தவறு. கணினியில் கூகுள் ஷீட்டைத் திறந்து, `File` மெனுவில் `Settings` போய், `Locale` என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால், அதோடு வேலை முடிந்துவிடாது. ஏற்கெனவே தவறாகப் படிக்கப்பட்ட தேதிகள் தாமாகத் திருந்தாது. அவற்றை மறுபடியும் எழுத வேண்டும்.

எந்த அமைப்பிலும் குழம்பாத ஒரு முறை வேண்டும் என்றால், `2025-04-01` என்று ஆண்டை முதலில் வைத்து எழுதலாம். `Apr 25` என்று சுருக்கி எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் நினைப்பது 2025 ஏப்ரல். ஷீட் அதை நடப்பு ஆண்டின் ஏப்ரல் 25-ம் தேதி என்று எடுத்துக்கொள்ளும்.

மூன்று சோதனைகள்

ஷீட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முதல் சோதனை, ஏப்ரல் வரிசை. அங்கே B-யும் D-யும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மொத்தம் புதிதாகத் தொடங்கவில்லை. அதேபோல், ஜனவரி வரிசையில் அவை இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது, மார்ச் வரிசை. 2024 ஏப்ரல் இரண்டாவது வரிசையில் தொடங்கினால், 2025 மார்ச் பதின்மூன்றாவது வரிசை. `=SUM(B2:B13)` தரும் விடையும் D13-ம் ஒன்றாக இருக்க வேண்டும். நம் கடையில் இரண்டுமே 19,50,000.

மூன்றாவது, எதுவும் விடுபடவில்லை என்பதற்கான சோதனை. இந்த மூன்றையும் ஓரமாக மூன்று கட்டங்களில் எழுதுங்கள்.

```
=SUM(B:B)
=SUMIFS(B:B,C:C,2024)
=SUMIFS(B:B,C:C,2025)
```

2025 மே வரைக்கும் நம் கடையில் முதலாவது 22,80,000. இரண்டாவது 19,50,000. மூன்றாவது 3,30,000. பின்னிரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். வருகிறது. வராவிட்டால், ஏதோ ஒரு வரிசை எந்த ஆண்டிலும் சேராமல் வெளியே நிற்கிறது. பெரும்பாலும் அது தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாகப் பதிவான கட்டமாக இருக்கும். ‘ஏப்ரல்’ என்று தமிழில் எழுதியது போல. அப்படி உள்ள வரிசையின் C-யில் `#VALUE!` என்று வந்திருக்கும். கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்பது எழுத்து, வலது ஓரத்தில் நிற்பது தேதி என்பது பொதுவான அடையாளம்.

எல்லாவற்றையும் பூஜ்யமாக்கக் கூடாது

இந்த ஃபார்முலா கைவந்ததும், ஷீட்டில் இருக்கும் எல்லா மொத்தங்களுக்கும் அதைப் போட்டுவிடத் தோன்றும். அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பில் தொகை, செலவு, சம்பளம் போன்றவை ஓர் ஆண்டில் ‘நடந்தவை’. அவை ஏப்ரலில் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆனால், கையிருப்பு, வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி, மிஷின் வாங்கிய கடனில் மிச்சம் ஆகியவை அப்படி அல்ல. மார்ச் 31 இரவு கல்லாவில் இருந்த 12,000 ரூபாய், ஏப்ரல் 1 காலையிலும் அங்கேதான் இருக்கும். 3,000 ரூபாய் பாக்கி வைத்தவர் நிதியாண்டு மாறியதால் கடனிலிருந்து தப்பிவிட மாட்டார். இவற்றுக்கு ஆரம்பத்தில் பார்த்த நிற்காமல் ஓடும் மொத்தம்தான் சரி. வந்தது, போனது இரண்டையும் சேர்த்து அது தொடர்ந்து ஓட வேண்டும்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. வரம்புக்கான கணக்கில் B-யில் வர வேண்டியது பில் போட்ட தொகை. கைக்கு வந்த பணம் மட்டும் அல்ல. கடனுக்குத் தைத்துக் கொடுத்ததும் விற்றுமுதல்தான். அதே பான் எண்ணில் இன்னொரு தொழில் இருந்தால் அதன் விற்றுமுதலும் இந்த 20 லட்சத்தில் சேரும். அதற்குத் தனி ஷீட் வைத்திருப்பவர்கள், இரண்டின் மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாதக் கணக்கு போதாத இடம்

கடைசியாக, ஃபார்முலாவால் தீராத ஒரு குறை. மாதத்துக்கு ஒரு வரிசை என்றால், வரம்பு தாண்டியது மாதக் கடைசியில்தான் தெரியும்.

நம் கடையில் 2026 ஜனவரி முடிவில் 19,50,000. வரம்புக்கு மிச்சம் 50,000 மட்டுமே. பிப்ரவரியில் 28 நாள்களில் 1,85,000 ரூபாய்க்கு வேலை நடந்தது. நாளுக்குச் சுமார் 6,600 ரூபாய். அந்தக் கணக்கில் வரம்பு தாண்டியது பிப்ரவரி 8-ம் தேதி வாக்கில். அக்கா மார்ச் 1-ல் உட்கார்ந்து ஷீட்டில் எழுதும்போது, 30 நாள் கெடுவில் மூன்று வாரம் போய்விட்டிருக்கும். ஆதார், பான், கடை வாடகை ஒப்பந்தம் என்று காகிதங்களைத் திரட்ட மிச்சம் இருப்பது ஒன்பது, பத்து நாள்கள்தான்.

அதனால், E நெடுவரிசையில் மிச்சத்தையும் எழுதிவைப்பது நல்லது.

```
=IF(B2="","",2000000-D2)
```

இந்த எண், வழக்கமான ஒரு மாத பில் தொகையைவிடக் குறைந்துவிட்டால், அடுத்த மாதத்துக்குள் வரம்பு தாண்டும் என்று பொருள். அப்போதிலிருந்து மாதத்துக்கு ஒரு வரிசை வேண்டாம். நாளுக்கு ஒரு வரிசையாக எழுத ஆரம்பித்துவிடலாம். ஃபார்முலாவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. C-யும் D-யும் தேதியைத்தான் பார்க்கின்றன. அது மாதத்தின் முதல் தேதியா, எட்டாம் தேதியா என்பது அவற்றுக்கு ஒன்றுதான். ‘ஏப்ரல் வந்தால் புதிதாகத் தொடங்கு’ என்ற பழைய ஃபார்முலாவில் இதைச் செய்திருந்தால், ஏப்ரலின் முப்பது நாளும் முப்பது முறை பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும்.

E-யில் இருக்கும் எண் முதன்முதலாகக் கழித்தல் குறியோடு வரும் வரிசையின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வியே, “எந்தத் தேதியில தாண்டுச்சு?” என்பதாகத்தான் இருக்கும். 30 நாள் எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்துதான்.